ஜூனில் கட்ட வேண்டிய டாலருக்கு ஜனவரியிலேயே விலை: ஃபார்வர்ட் கவரும் ஹெட்ஜ் கணக்கும், முழுமையான வழிகாட்டி

கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். ஜப்பானிலிருந்து ஒரு கோன் வைண்டிங் மெஷினுக்கு ஜனவரி 1-ஆம் தேதி ஆர்டர் போடுகிறார்கள். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் 10 லட்சம் டாலர், மெஷின் வந்து இறங்கும் ஜூன் 30 அன்று எல்.சி. வழியாகக் கட்ட வேண்டும். அன்றைக்கு டாலர் 83 ரூபாய். ஜூனில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, ஒரு ரூபாய் ஏறினாலே 10 லட்ச ரூபாய் கூடுதலாகப் போகும்.

இதற்கு ஃபார்வர்ட் எடுப்பது, அதாவது ஜூனில் வாங்கப்போகும் டாலருக்கு இன்றைக்கே வங்கியுடன் விலை பேசி முடிப்பது, பலருக்கும் பழக்கமான வேலைதான். வங்கிக்கு போன் போட்டால் முடிந்தது. ஆனால் அதே ஃபார்வர்ட் மார்ச் 31 அன்று லாப நட்டக் கணக்கில் ஏறி ஒரு ஆட்டம் காட்டும், அதை அடக்க ஜனவரி 1 அன்றே ஒரு தாள் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது நிறையப் பேருக்கு ஆடிட் நேரத்தில்தான் தெரிய வருகிறது. அந்த இரண்டையும் சேர்த்து, இந்த ஒரே மெஷினை வைத்துக் கடைசி வரை பார்க்கலாம். நான் இங்கே சொல்லும் டாலர் விலைகள் எல்லாம் கணக்குப் போடுவதற்காக நானே வைத்துக்கொண்டவை.

முதலில், எதற்குக் கவர் எடுக்கிறோம்

ஃபார்வர்ட் எடுக்கும் முன் மூன்று விஷயம் காகிதத்தில் இருக்க வேண்டும்: எத்தனை டாலர், எந்தத் தேதி, எவ்வளவு நிச்சயம். நம் கதையில் பர்ச்சேஸ் ஆர்டர் கையெழுத்தாகி, விலையும் தேதியும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டதாக இருக்கிறது, அதனால் இது உறுதியான ஒப்பந்தம். ஆர்டரே போடாமல் "ஜூன் வாக்கில் வாங்குவோம்" என்று நினைத்துக்கொண்டிருக்கிற நிலையிலும் கவர் எடுக்கலாம், ரிசர்வ் வங்கி விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் அப்படி எதிர்பார்ப்பை மட்டும் வைத்து எடுத்த ஃபார்வர்டை நடுவில் ரத்து செய்து லாபம் வந்தால், அந்தப் பணத்தை வங்கி உடனே கையில் தராது, நிஜமான அந்தப் பரிவர்த்தனை நடக்கும்போதுதான் தரும். ஒப்பந்தம் கையில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

தொகையில் பேராசை வேண்டாம். அட்வான்ஸாகக் கொடுத்தது போக மிச்சத்துக்கு மட்டும் கவர். அப்புறம் ஒன்று: மெஷின் துறைமுகத்துக்கு வரும்போது கட்டும் சுங்க வரி, ஜி.எஸ்.டி. இரண்டும் சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதத்தில்தான் கணக்கிடப்படும். உங்கள் ஃபார்வர்ட் விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டாலர் ஏறினால் வரியும் ஏறும், அந்தப் பகுதி திறந்தேதான் கிடக்கும்.

வங்கியிடம் விலை கேட்பது

ஜனவரி 1 அன்று ஸ்பாட், அதாவது அன்றைய சந்தை விலை, 83.00. ஜூன் 30 தேதிக்கு வங்கி சொல்லும் ஃபார்வர்ட் விலை 84.00. உடனே முதலாளி கேட்பார்: "அப்போ ஜூனில் டாலர் 84 ஆகும்னு வங்கியே சொல்லுதா?" இல்லை. இதை எத்தனை பேருக்கு எத்தனை முறை விளக்கினாலும் மறுபடி கேட்பார்கள், கேட்பதில் தப்பும் இல்லை, பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

அந்த ஒரு ரூபாய் இரண்டு நாட்டு வட்டிக்கு உள்ள வித்தியாசத்திலிருந்து வருகிறது. வங்கி உங்களுக்கு ஜூனில் டாலர் தருவதாக வாக்குக் கொடுத்த உடனே, இன்றைக்கே ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்கி ஆறு மாதம் வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரூபாய்க்கு ஆண்டுக்கு 6.9 சதவீத வட்டி அதன் கையை விட்டுப் போகிறது, டாலருக்கு 4.4 சதவீதம்தான் வருகிறது. ஆறு மாதத்துக்கு:

```
83.00 × (1 + 0.069/2) ÷ (1 + 0.044/2) = 84.015
```

ஏறத்தாழ 84. அவ்வளவுதான். ரூபாய் வட்டி டாலர் வட்டியைவிட மேலே இருக்கும் வரை இறக்குமதிக்காரர் இந்தக் கூடுதல் விலையை, அதாவது பிரீமியத்தை, கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஏற்றுமதிக்காரருக்கு அதே பிரீமியம் வருமானமாக வரும்.

விலை கேட்கும்போது மொத்தமாக "ஜூன் எண்ட் என்ன ரேட்" என்று கேட்காதீர்கள். ஸ்பாட் எவ்வளவு, பிரீமியம் எத்தனை பைசா, உங்கள் மார்ஜின் எத்தனை பைசா என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். ஸ்பாட்டும் பிரீமியமும் சந்தையில் எல்லோருக்கும் தெரிகிற விஷயம், யாரும் அதில் ஏமாற்ற முடியாது, மார்ஜினில்தான் வங்கிக்கு வங்கி மாறும். 10 லட்சம் டாலரில் 5 பைசா என்றால் 50,000 ரூபாய். ஒரே ஒரு வங்கியில் மட்டும் லிமிட் வைத்திருப்பவர்கள்கூட இப்படிப் பிரித்துக் கேட்டால் சில பைசா இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு இடம் கவனிக்க வேண்டியது தேதி. ஜூன் 30 என்று ஒரே நாளுக்கு எடுக்கலாம், அல்லது ஜூன் 1 முதல் 30 வரை எந்த நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு மாத ஜன்னல் வைத்து எடுக்கலாம். கப்பல் எப்போது வரும் என்று தெரியாதவர்களுக்கு ஜன்னல் வசதி. ஆனால் நீங்கள் ஜூன் 3 அன்றே டாலரை எடுத்தாலும் பிரீமியம் ஜூன் 30 வரைக்கும் போட்டுத்தான் விலை சொல்லியிருப்பார்கள். நம் மில் ஒரே தேதிக்கு எடுத்தது.

ஆக, ஜனவரி 1 அன்று முடிவான விஷயம்: ஜூன் 30 அன்று 8.40 கோடி ரூபாய் கொடுத்து 10 லட்சம் டாலர் வாங்குவோம். டாலர் 90 ஆனாலும் 84, 78 ஆனாலும் 84. இரண்டாவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் டாலர் இறங்கினால் "எடுக்காமலே இருந்திருக்கலாமே" என்று சொல்லாத முதலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை. மெஷினின் விலை இன்றைக்கே தெரிய வேண்டும் என்பதற்காக எடுத்தது அது. மலிவாக வாங்க எடுத்ததல்ல.

மார்ச் 31 அன்று என்ன நடக்கிறது

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

மார்ச் 31 அன்று ரூபாய் கொஞ்சம் வலுவாகிவிட்டது. ஸ்பாட் 81.50, ஜூன் 30-க்கான ஃபார்வர்ட் 82.00. அதாவது இன்றைக்குப் புதிதாக ஒருவர் போய்க் கேட்டால் ஜூன் டாலர் 82-க்குக் கிடைக்கிறது, நாம் 84-க்கு ஒத்துக்கொண்டிருக்கிறோம். டாலருக்கு 2 ரூபாய் வீதம் 20 லட்ச ரூபாய் நம் ஃபார்வர்ட் நஷ்டத்தில் நிற்கிறது. ஃபார்வர்டின் அன்றைய சந்தை மதிப்பைக் காட்டி வங்கி அனுப்பும் எம்.டி.எம். தாளில் இது 19.66 லட்சம் போல வரும், மூன்று மாதம் கழித்து வரப்போகும் நஷ்டம் என்பதால் வட்டியைக் கழித்து இன்றைய மதிப்பில் காட்டுவார்கள். கணக்கு எளிதாக இருக்க 20 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஃபார்வர்ட் ஒரு டெரிவேட்டிவ், வேறொன்றின் விலையைப் பொறுத்து மதிப்பு மாறும் ஒப்பந்தம். இண்ட் ஏஎஸ் 109 என்ற இந்தியக் கணக்கியல் விதிப்படி டெரிவேட்டிவ் எல்லாம் ஒவ்வொரு பேலன்ஸ் ஷீட் தேதியிலும் சந்தை மதிப்பில் நிற்க வேண்டும், அந்த மதிப்பு மாறினால் மாற்றம் நேராக லாப நட்டக் கணக்குக்குப் போகும். சரி, போகட்டும், அந்தப் பக்கம் மெஷின் 2 ரூபாய் மலிவாகிவிட்டதே, அதை லாபமாகக் காட்டிச் சமன் செய்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். மெஷின் இன்னும் ஜப்பானில் இருக்கிறது. நம் புத்தகத்தில் மெஷினும் இல்லை, கடனும் இல்லை. இல்லாத ஒன்றின் மாற்றத்தை எங்கே எழுதுவது? ஃபார்வர்ட் மட்டும் தனியாக நிற்கிறது, நஷ்டம் மட்டும் தெரிகிறது.

மில்லின் வழக்கமான லாபம் இந்த ஆண்டு 1.10 கோடி என்று வையுங்கள். 20 லட்சம் கழிந்து 90 லட்சம் என்று காட்டும். ஜூன் 30 வருகிறது, இதற்குள் டாலர் மறுபடி ஏறி 85.20. இப்போது ஃபார்வர்ட் 1.20 ரூபாய் லாபத்தில், அதாவது 12 லட்சம் ப்ளஸ். மைனஸ் 20-லிருந்து ப்ளஸ் 12-க்கு வந்ததால் அடுத்த நிதியாண்டில் 32 லட்சம் லாபமாக ஏறும். வழக்கமான லாபம் 1.15 கோடி என்றால் காட்டுவது 1.47 கோடி.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 90 லட்சத்திலிருந்து 1.47 கோடிக்குத் தாவிய மில். உள்ளே நடந்ததோ 1.10-லிருந்து 1.15. நூல் விற்றதில் எந்த அதிசயமும் நடக்கவில்லை. அபாயத்தைக் குறைக்கத்தான் ஃபார்வர்ட் எடுத்தார்கள், எடுக்காத பக்கத்து மில்லின் கணக்கு அமைதியாக இருக்கிறது, எடுத்த மில்லின் கணக்கு ஊசலாடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபார்வர்டே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் உண்டு, அது எனக்கு வருத்தமாகவே இருக்கும், ஏனென்றால் கணக்கு விதியிலேயே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்.

ஹெட்ஜ் கணக்கு செய்வது இதைத்தான்

ஃபார்வர்டும் மெஷினும் ஒரே ஜோடி என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டால், ஃபார்வர்டின் ஏற்ற இறக்கத்தை லாப நட்டக் கணக்குக்கு அனுப்பாமல், லாப நட்டத்துக்கு வெளியே காட்டும் இதர வருமானமான ஓ.சி.ஐ. வழியாக மூலதனப் பகுதியில் உள்ள ஒரு ரிசர்வில் நிறுத்தி வைக்கலாம். அந்த ரிசர்வுக்கு கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் ரிசர்வ் என்று பெயர். மெஷின் வந்து புத்தகத்தில் ஏறும் நாளில் ரிசர்வில் நிற்பதை எடுத்து மெஷின் விலையிலேயே கூட்டவோ கழிக்கவோ செய்கிறோம். அப்புறம் அது தேய்மானம் வழியாக, மெஷின் ஓடும் ஆண்டுகள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக லாப நட்டக் கணக்குக்கு வரும். (உறுதியான ஒப்பந்தத்தின் டாலர் அபாயத்தை ஃபேர் வேல்யூ ஹெட்ஜாகவும் காட்டலாம் என்று விதி சொல்கிறது. இந்த மாதிரி மெஷினுக்கு கேஷ் ஃப்ளோ வழிதான் கையாள எளிது, அதையே பார்ப்போம்.)

பதிவுகள் இப்படிப் போகும், எல்லாம் லட்ச ரூபாயில்.

ஜனவரி 1: பதிவே இல்லை. ஃபார்வர்டின் மதிப்பு அன்றைக்குப் பூஜ்யம்.

மார்ச் 31:
```
ஹெட்ஜ் ரிசர்வ் (ஓ.சி.ஐ.)        பற்று   20
   ஃபார்வர்ட் பொறுப்பு           வரவு   20
```

ஜூன் 30, முதலில் ஃபார்வர்டின் மாற்றம்:
```
ஃபார்வர்ட்                        பற்று   32
   ஹெட்ஜ் ரிசர்வ் (ஓ.சி.ஐ.)      வரவு   32
```

அதே நாள் மெஷின் ஏறுகிறது, பணம் போகிறது:
```
மெஷின் (85.20 விலையில்)          பற்று  852
   வங்கி                          வரவு  840
   ஃபார்வர்ட் சொத்து              வரவு   12
```

கடைசியாக ரிசர்வைக் காலி செய்வது:
```
ஹெட்ஜ் ரிசர்வ்                    பற்று   12
   மெஷின்                         வரவு   12
```

முடிவில் மெஷின் 840 லட்சத்தில் நிற்கிறது. 10 லட்சம் டாலரை 84-ஆல் பெருக்குங்கள், அதே 8.40 கோடி. ஜனவரியில் முடிவான விலைதான் புத்தகத்தில் மெஷினின் விலை. இது எனக்கு இன்றைக்கும் பிடித்த இடம்: நடுவில் டாலர் 81.50 போனதும் 85.20 வந்ததும் கணக்கில் தடமே இல்லாமல் கரைந்துவிடுகிறது. லாபம் முதல் ஆண்டு 1.10, அடுத்த ஆண்டு 1.15, நடந்தது நடந்தபடி. தேய்மானத்தில் வரும் சின்ன வித்தியாசத்தை மட்டும் விட்டிருக்கிறேன்.

அந்தச் சின்ன வித்தியாசத்தையும் பார்த்துவிடுவோம். மெஷினுக்கு 15 ஆண்டு ஆயுள் என்று வைத்தால், ஹெட்ஜ் கணக்கு செய்தவருக்கு ஆண்டுத் தேய்மானம் 840 ÷ 15 = 56 லட்சம். செய்யாதவருக்கு 852 ÷ 15 = 56.80 லட்சம். செய்யாதவர் மொத்தத்தில் 12 லட்சம் லாபத்தை முன்னாடியே காட்டிவிட்டார் (மைனஸ் 20, ப்ளஸ் 32), அப்புறம் 15 ஆண்டும் ஆண்டுக்கு 80,000 கூடுதலாகத் தேய்மானம் எழுதி அதே 12 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். 15 ஆண்டு முடிவில் இருவர் கணக்கும் ஒன்றுதான். வங்கியிலிருந்து போன பணமும் இருவருக்கும் அதே 8.40 கோடிதான். ஹெட்ஜ் கணக்கு ஒரு ரூபாய்கூட மிச்சப்படுத்தித் தருவதில்லை, எந்த ஆண்டில் எது தெரிய வேண்டும் என்பதை மட்டுமே சரி செய்கிறது.

"நஷ்டத்தை மறைக்கிறீர்களா" என்று கேட்பவர்களும் உண்டு. மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டில் 20 லட்சம் பொறுப்பாக நிற்கிறது, மூலதனத்தில் ரிசர்வ் மைனஸ் 20 என்று தனி வரியில் தெரிகிறது, ஓ.சி.ஐ.யிலும் இருக்கிறது (அதற்கான தள்ளிவைத்த வரியையும் அங்கேயே எழுத வேண்டும், நான் இங்கே வரியைச் சேர்க்கவில்லை). எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

அந்த ஒரு தாள்

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் ஜோடி சேர்த்த விவரம் ஃபார்வர்ட் எடுத்த அன்றே எழுத்தில் இருக்க வேண்டும். பின்தேதியிட்டு எழுத விதியில் இடமே கிடையாது. எழுதிய தேதியிலிருந்துதான் ஹெட்ஜ் கணக்கு தொடங்கும்.

நான் கணக்குப் பார்த்த ஒரு மில்லில் இது நடந்தது. நவம்பரில் ஃபார்வர்ட் எடுத்தோம், நான் லீவில் இருந்தேன், வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து மறந்து, பிப்ரவரியில்தான் தாள் தயார் செய்தேன். ஆடிட்டர் முதலில் கேட்டது அந்தத் தாள் இருந்த மின்னஞ்சலின் தேதியைத்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நடந்த மாற்றம் முழுக்க லாப நட்டக் கணக்குக்குப் போனது, அதை எதுவும் செய்ய முடியவில்லை. பிப்ரவரியில் ஜோடி சேர்த்தபோது ஃபார்வர்டின் மதிப்பு பூஜ்யமாகவும் இல்லை, ஏற்கெனவே நஷ்டத்தில் நின்றது, அதனால் அதற்குப் பிறகும் இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தவில்லை. அதற்குப் பிறகு நான் வங்கிக்கு போன் போடும் முன்பே தாளை எழுதி வைத்துவிட்டு, விலை உறுதியான உடனே எண்ணை மட்டும் நிரப்பி, அதே நாள் ஆடிட்டருக்கும் நிதி இயக்குநருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன். தேதிக்கு வேறு சாட்சி தேவைப்படுவதில்லை.

தாளில் என்ன இருக்க வேண்டும்? நம் மெஷினுக்கு எழுதினால் இவ்வளவுதான்:

> நோக்கம்: இறக்குமதி மெஷினின் ரூபாய் விலையை டாலர் ஏற்ற இறக்கத்திலிருந்து காப்பது. நிறுவனத்தின் இடர் மேலாண்மைக் கொள்கைக்கு உட்பட்டது.
>
> காக்கப்படுவது: பர்ச்சேஸ் ஆர்டர் எண் இன்னது, கோன் வைண்டிங் மெஷின், 10,00,000 டாலர், ஜூன் 30 அன்று எல்.சி. வழி செலுத்த வேண்டியது.
>
> காப்பது: இன்ன வங்கியுடன் ஃபார்வர்ட், 10,00,000 டாலர் வாங்க, விலை 84.00, முதிர்வு ஜூன் 30. முழு ஃபார்வர்ட் விலையும் ஹெட்ஜில் சேர்க்கப்படுகிறது.
>
> அபாயம்: டாலர்-ரூபாய் ஃபார்வர்ட் விலை மாற்றம்.
>
> விகிதம்: ஒன்றுக்கு ஒன்று.
>
> பலன் மதிப்பீடு: நாணயம், தொகை, தேதி மூன்றும் பொருந்துவதால் பொருளாதாரத் தொடர்பு உண்டு. பொருந்தாமை வரக்கூடிய இடங்கள்: மெஷின் தாமதம், தொகை குறைவது, வங்கியின் கடன் தரம் சரிவது.

பழைய ஐஏஎஸ் 39 விதியில் 80 முதல் 125 சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும் என்று ஒரு கோடு இருந்தது. இண்ட் ஏஎஸ் 109-இல் அந்தக் கோடு இல்லை. தொடர்பு நிஜமானதா, கடன் அபாயம் அதை விழுங்கிவிடவில்லையா, விகிதம் சரியா என்று மூன்று கேள்விதான். நம் விஷயத்தில் மூன்றும் பார்த்த உடனே பதில் தெரிகிற கேள்விகள், பெரிய புள்ளியியல் எதுவும் தேவையில்லை.

"முழு ஃபார்வர்ட் விலையும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேனே, அதைச் சும்மா எழுதவில்லை. ஸ்பாட் பகுதியை மட்டும் ஜோடி சேர்த்து, அந்த ஒரு ரூபாய் பிரீமியத்தைத் தனியாகக் கையாளவும் வழி உண்டு. பெரிய கருவூலத் துறை வைத்திருப்பவர்களுக்கு அதற்குக் காரணங்கள் இருக்கலாம். ஒரு மெஷினுக்கு ஒரு ஃபார்வர்ட் என்கிற நிலையில் முழுதாகச் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து, இல்லாவிட்டால் ஒவ்வொரு காலாண்டிலும் இரண்டு கணக்கு ஓட்ட வேண்டும். எது என்றாலும் தாளில் எழுதிவிடுங்கள், எழுதாமல் விட்டால் ஆடிட்டர் தீர்மானிப்பார்.

இண்ட் ஏஎஸ் பொருந்தாத சின்ன கம்பெனிகளுக்கும் இது இருக்கிறது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் டெரிவேட்டிவ் வழிகாட்டுக் குறிப்பு 2016 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது, அதிலும் ஏறக்குறைய இதே யோசனைதான். ஆனால் பழைய ஏஎஸ் 11 வழியில் இருப்பவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: பிரீமியத்தை நாள் கணக்கில் பிரித்து எழுதும் முறை, ஏற்கெனவே புத்தகத்தில் உள்ள கடனுக்கு எடுத்த ஃபார்வர்டுக்குத்தான். இன்னும் வராத மெஷினுக்கு அல்ல.

நடுவில் தப்பிப் போகும் இடங்கள்

தொகை குறைவது அடிக்கடி நடக்கும். பிப்ரவரியில் உதிரி பாகம் சில வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்வாய்ஸ் 9.5 லட்சம் டாலருக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். ஃபார்வர்ட் 10 லட்சத்துக்கு நிற்கிறது. மிச்சமுள்ள 50,000 டாலருக்கு ஜோடி இல்லை, அதனால் மார்ச் 31-இல் அதன் பங்கான 1 லட்ச ரூபாய் நஷ்டம் லாப நட்டக் கணக்குக்கு, 19 லட்சம் மட்டும் ரிசர்வுக்கு. பொதுவாகவே ரிசர்வில் நிறுத்தக்கூடியது இரண்டில் சிறியதுதான்: ஃபார்வர்டில் இதுவரை நடந்த மொத்த மாற்றம் ஒரு பக்கம், நிஜமாகக் கட்டப்போகும் பணத்தில் நடந்த மொத்த மாற்றம் மறுபக்கம். ஃபார்வர்ட் அதிகமாக ஆடினால் அந்த அதிகப்படி வெளியே வந்துவிடும். கவர் எடுக்கும்போது கொஞ்சம் குறைத்தே எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 9.5 லட்சத்துக்குக் கவர் எடுத்து 10 லட்சம் கட்டினால் கணக்கில் ஒரு சிக்கலும் வராது.

தாமதம் இன்னும் சிக்கல். மே மாதம் ஜப்பானிலிருந்து கடிதம்: மெஷின் ஜூலை 31-க்குத்தான் வரும். ஃபார்வர்ட் ஜூன் 30 அன்று முடிகிறது. பழைய 84 விலையிலேயே ஒரு மாதம் நீட்டித் தாருங்கள் என்று கேட்பார்கள், கேட்காதீர்கள், பழைய விலையில் நீட்டிப்பதற்கு அனுமதி இல்லை. ஜூன் 30 அன்று வங்கி பழைய ஒப்பந்தத்தை 85.20-இல் முடித்து 12 லட்சத்தை உங்கள் கணக்கில் வரவு வைக்கும், அன்றைய விலையில் ஜூலை 31-க்குப் புதிதாக 85.40-க்கு ஒன்று போடும். அந்த 12 லட்சம் கையில் வந்துவிட்டதே, லாபம் என்று எழுதலாமா என்றால் கூடாது. மெஷின் வரப்போகிறது, அதனால் ரிசர்வில் அப்படியே உட்கார வேண்டும், ஜூலை 31 அன்று மெஷின் விலையில் கழிய வேண்டும். 85.40-இல் 1.20 கழித்தால் 84.20, தாமதத்துக்கு நீங்கள் கொடுத்த விலை டாலருக்கு 20 பைசா. புது ஃபார்வர்டுக்கும் புதுத் தாள் வேண்டும், இதை மறப்பவர்கள் ஏராளம்.

இதிலேயே மறுபக்கமும் இருக்கிறது. ஜூன் 30 அன்று டாலர் 80 என்றால், மெஷின் வராத நாளிலேயே 40 லட்ச ரூபாயை வங்கிக்குக் கட்ட வேண்டும். கணக்கு என்னவோ அமைதியாக இருக்கும், 40 லட்சம் ரிசர்வில் நின்று மெஷின் விலையில் சேர்ந்துகொள்ளும். ஆனால் அந்த மாதச் சம்பளப் பணத்தில் கை வைக்க வேண்டி வரலாம். தாமதம் தெரிந்த அன்றே வங்கியுடன் பேசி அந்தத் தொகைக்கு வழி செய்துகொள்ளுங்கள், ஹெட்ஜ் கணக்கால் இதற்கு எந்த உதவியும் இல்லை.

மெஷின் முன்னாடி வந்து பணம் பின்னாடி போவதும் உண்டு. மே 15 அன்று மெஷின் இறங்கி, பணம் ஜூன் 30 என்றால், ரிசர்வில் உள்ளதை மே 15 அன்றே மெஷின் விலையில் சேர்த்துவிட வேண்டும். அன்றிலிருந்து புத்தகத்தில் டாலர் கடன் ஏறிவிட்டது, அதன் ஏற்ற இறக்கமும் ஃபார்வர்டின் ஏற்ற இறக்கமும் இரண்டுமே லாப நட்டக் கணக்குக்கு வந்து பெருமளவு ஒன்றையொன்று தள்ளிவிடும். அந்த ஒன்றரை மாதத்துக்குப் பெரும்பாலும் ஹெட்ஜ் கணக்கே தேவைப்படாது.

கடைசியாக, ஆர்டரே ரத்தானால். ஏப்ரலில் மில் விரிவாக்கத்தைக் கைவிட்டு மெஷின் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது, மார்ச் 31-இல் ரிசர்வில் மைனஸ் 20 லட்சம் நிற்கிறது. இனி மெஷின் வராது என்று தெரிந்த அன்றே ரிசர்வில் நிற்பது முழுவதும் லாப நட்டக் கணக்குக்கு வந்துவிடும், தேய்மானம் வழியாக மெல்ல விடுவதற்கு மெஷினே இல்லை. ஃபார்வர்டையும் அன்றைய விலையில் ரத்து செய்து வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். ஏப்ரல் முடிவில் டாலர் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து அந்த 20 லட்சம் குறையலாம், கூடலாம். இதனால்தான் ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் எம்.டி.எம். தாளைக் கேட்கும் முன்பு நான் பர்ச்சேஸ் துறைக்கு ஒரு போன் போட்டு ஒரே கேள்வி கேட்பேன்: "அந்த மெஷின் இன்னும் வருதா, அதே தேதிக்கா?" பதிலைத் தேதியுடன் அந்தத் தாளின் அடியிலேயே எழுதி வைத்துவிடுவேன்.